பெட்டியில் 1968, நாடாவில் நிலவுச் செய்தி

பழைய வானொலி ஒலிநாடாக்களைக் கேட்டுச் சுருக்கக் குறிப்பு எழுதும் தன்னார்வப் பணியில் நான் சேர்ந்தபோது, காப்பகத்தின் ஆவணக்காப்பாளர் எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். குறிப்பைப் படிப்பவர் அந்த ஒலிப்பதிவைத் தாமும் கேட்க வேண்டுமா, கேட்பதென்றால் எந்த நிமிடத்திலிருந்து கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இயல வேண்டும். அதற்கு மேல் அழகோ பாராட்டோ தேவையில்லை என்றார். இந்த வரையறை எளிதாகத் தோன்றினாலும், நிகழ்ச்சியின் தேதியைக் குறிக்கும் கட்டத்துக்கு வரும்போதுதான் இதன் கடினம் புரியும். அதை எனக்குப் புரியவைத்தது ஒரு மருத்துவ உரையின் நாடா.

கால் அங்குல அகலமுள்ள நாடா, 7 அங்குலச் சுருள், அட்டைப் பெட்டி. பெட்டியின் முதுகில் மையால் "பெரியம்மைத் தடுப்பு – டாக்டர் உரை – 1968" என்று எழுதியிருந்தது. நாடாவை நாங்கள் தொடுவதில்லை. ஒலிப்பொறியாளர் அதைக் கணினிக்கு மாற்றி, அழுத்தப்பட்ட எம்பி3 பிரதி ஒன்றையும் பெட்டியின் எல்லாப் பக்கங்களின் நிழற்படங்களையும் எங்களுக்குத் தருவார். நொடிக்கு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் என்ற, வானொலி நிலையங்களில் வழக்கமாயிருந்த வேகத்தில் அது பதிவாகியிருந்தது. அந்த வேகத்தில் 1,200 அடி நாடா கொண்ட ஒரு முழுச் சுருள் 32 நிமிடம் ஓடும்.

முதல் முறை கேட்கும்போது நான் எதையும் எழுதுவதில்லை. இரண்டாம் முறை, பொருள் மாறும் இடங்களில் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்வேன். மூன்றாம் முறையில்தான் வாக்கியங்கள் வரும். 14 நிமிட உரைக்கு இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அவசரப்பட்டு முதல் முறையிலேயே எழுதினால், பேச்சாளர் தொடக்கத்தில் அறிவித்தவற்றை எழுதிவிடுவோமே தவிர, அவர் உண்மையில் பேசியவற்றை எழுதியிருக்க மாட்டோம். மூன்று பகுதிகளாகப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டு முதல் பகுதியிலேயே நேரம் முழுவதையும் செலவழித்த உரைகள் வானொலியில் ஏராளம்.

இந்த மருத்துவர் அப்படிப்பட்டவர் அல்லர். நோய் எப்படித் தொற்றுகிறது என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு, நேராகத் தடுப்பூசி போடும் முறைக்கு வந்தார். இரண்டு முனைகள் கொண்ட சிறிய ஊசியை மருந்தில் தோய்த்தெடுத்து, மேற்கையில் ஒரே இடத்தில் 15 முறை விரைவாகக் குத்த வேண்டும் என்று அவர் விளக்கிய பகுதியை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு வாரம் கழித்துக் குத்திய இடத்தைப் பார்க்க வேண்டும், கொப்புளம் எழும்பியிருக்காவிட்டால் மறுபடி குத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். பிறகு, தடுப்பூசிக்கு அஞ்சி ஒளிந்துகொண்ட ஒரு குடும்பத்தின் கதையைக் குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் சேர்த்துச் சொன்னார். நிறைவாக அறிவிப்பாளர் உரை முடிந்ததாகச் சொன்னார். கோப்பில் அப்போது 14 நிமிடம் 5 வினாடி ஆகியிருந்தது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் குறிப்பு அன்றே முடிந்திருக்கும். கடைசி வினாடி வரை கோப்பை ஓட விடுவது என் வழக்கம். ஒரு நாடாவில் நிகழ்ச்சி முடிந்த பிறகு என்ன இருக்கிறது என்பது பெட்டியில் எழுதப்பட்டிருப்பதில்லை. இந்த நாடாவில், அறிவிப்பாளர் முடித்த பிறகு ஏழெட்டு வினாடி அமைதி, பிறகு சுவிட்சைத் தட்டியது போன்ற ஓர் ஒலி, அதையடுத்து இமைப்பொழுது முற்றான வெறுமை, உடனே நடு வாக்கியத்திலிருந்து இன்னொரு குரல். செய்தி அறிக்கையின் ஒரு துண்டு அது. 40 வினாடிக்கும் குறைவாகவே நீடித்தது. நிலவிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும் விண்வெளி வீரர்கள் மூவரும் நாளை பசிபிக் கடலில் இறங்குவார்கள் என்பதும், இறங்கியபின் தனிமைப்படுத்தி வைக்கப்படுவார்கள் என்பதும் தெளிவாகவே கேட்டன. தொடர்ந்து வந்த வாக்கியத்தில் "காலின்ஸ்" என்ற பெயர் இருந்தது. அதற்குள் வேறொரு செய்தி தொடங்கி, பாதியில் நாடாவே முடிந்துவிட்டது. சுருளில் பாதி நாடாதான் சுற்றப்பட்டிருந்தது என்பது பிறகு தெரியவந்தது.

என்னோடு பணியாற்றும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டதும், "நிலவுச் செய்தி என்றால் 1969தானே, பெட்டியில் உள்ளதை அடித்துவிட்டு அதையே எழுதிவிடுங்கள்" என்றார். "அவசரப்படாதீர்கள் சார், இந்தச் செய்தி எந்தப் பயணத்தைப் பற்றியது என்பதை முதலில் பார்ப்போம்" என்றேன்.

நிலவிலிருந்து மூன்று வீரர்கள் திரும்பினார்கள் என்பதை மட்டும் கொண்டு ஆண்டைச் சொல்ல முடியாது. அப்போலோ 8இன் வீரர்கள் நிலவைச் சுற்றிவிட்டு 1968 டிசம்பர் 27 அன்று பசிபிக் கடலில்தான் இறங்கினார்கள். செய்தி அதைப் பற்றியதாக இருந்திருந்தால், பெட்டியில் இருந்த 1968க்கும் அதற்கும் முரண்பாடே இல்லை. ஆனால் அவர்கள் தனிமைப்படுத்தப்படவில்லை. நிலவின் மண்ணில் கால் வைத்துத் திரும்பியவர்கள் நோய்க்கிருமி எதையேனும் கொண்டுவந்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் ஏற்பட்ட அந்தக் கட்டுப்பாடு, அப்போலோ 11, 12, 14 ஆகிய மூன்று பயணங்களுக்கு மட்டுமே இருந்தது. மூன்றும் பசிபிக் கடலில்தான் முடிந்தன. அவற்றில் காலின்ஸ் சென்றது அப்போலோ 11இல். அந்தக் கலம் 1969 ஜூலை 24 அன்று கடலில் இறங்கியது. ஆகவே "நாளை" என்று சொல்லும் அறிக்கை ஜூலை 23 அன்று வாசிக்கப்பட்டது என்று கொள்ளலாம். கலம் இறங்கிய நேரத்தில் உலகின் கிழக்குக் கோடியிலுள்ள சில நாடுகளில் 25ஆம் தேதி பிறந்திருந்தது. அத்தகைய இடத்திலிருந்து ஒலிபரப்பான அறிக்கையாக இருந்தால் ஒரு நாள் தள்ளும். எங்கள் நாடாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இப்படிச் செய்தித் துண்டின் தேதி உறுதியாயிற்று. ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டது உரையின் தேதி. ஒரே நாடாவில் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டும் ஒரே காலத்தவை என்று கொள்வதற்கில்லை. எது முதலில் பதிவானது, எது அதன் மேல் வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

அந்தச் சுவிட்ச் ஒலியும் இமைப்பொழுது வெறுமையும் இதற்குத்தான் உதவின. ஒலிப்பதிவுக் கருவியில் நாடா முதலில் அழிக்கும் முனையைக் கடந்து, சில சென்டிமீட்டர் தள்ளிப் பதியும் முனையை அடைகிறது. பதிவை நிறுத்தும் கணத்தில், இந்த இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட நாடாத் துண்டு ஏற்கெனவே அழிக்கப்பட்டிருக்கும், ஆனால் அதில் புதிதாக எதுவும் பதிந்திருக்காது. ஆகவே ஒரு பழைய பதிவின் மேல் புதிய பதிவைச் செய்து நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் முதலில் ஒரு தட்டல், அடுத்து ஒரு வினாடியின் சிறு பங்கே நீடிக்கும் வெறுமை, அதன்பின் பழைய பதிவின் மிச்சம் என்ற வரிசை கேட்கும். இரண்டு நாடாக்களை வெட்டி ஒட்டியிருந்தால் இந்த வெறுமை இருக்காது, ஒரு பின்னணி இரைச்சல் அறுந்து அடுத்தது சட்டென்று தொடங்கிவிடும். ஒலிப்பொறியாளரிடம் கேட்டபோது, அவர் நாடாவை அந்த இடம் வரை கையால் சுற்றிப் பார்த்து, ஒட்டு எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்தினார். ஆகச் செய்தி அறிக்கைதான் பழையது. உரை அதன் மேல் பதியப்பட்டது. அதாவது இந்த நாடாவில் உரை ஏறியது 1969 ஜூலை 23க்குப் பிறகுதான்.

ஆசிரியர் இப்போது வெற்றிப் புன்னகையோடு என்னைப் பார்த்தார். பெட்டியில் எழுதியவர் ஆண்டைத் தவறாக எழுதிவிட்டார், அல்லது இது வேறொரு நாடாவின் பெட்டி என்பது அவர் கட்சி. பெட்டிகள் மாறிப்போவது இந்தப் பணியில் அன்றாடம் காண்பதுதான். ஆனால் இங்கே தலைப்பு உரையோடு அப்படியே பொருந்துகிறது. ஆண்டு மட்டும் பிழையாக இருக்க வேண்டுமென்றால், 1969இலோ அதற்குப் பிறகோ பதிவு செய்த ஒருவர் முந்தைய ஆண்டு ஒன்றை எழுதியிருக்க வேண்டும். கைத்தவறுதலாக நம்மில் பலர் செய்வதுதான் இது என்றாலும், மூன்றாவது வாய்ப்பு ஒன்று மீதமிருந்தது. உரை 1968இலேயே வேறொரு நாடாவில் பதிவாகி, மறு ஒலிபரப்புக்காகவோ பாதுகாப்புக்காகவோ பின்னர் இந்த நாடாவுக்கு நகல் எடுக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் பெட்டியும் பொய்யில்லை, நிலவுச் செய்தியும் பொய்யில்லை. இருமுனை ஊசி பற்றிய விவரம் இங்கே கைகொடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1967இல் தொடங்கிய தீவிர ஒழிப்புத் திட்டத்தில்தான் அந்த ஊசி பரவலாகப் பயன்பட்டது என்பதால், உரை மிகப் பழையதல்ல என்பதற்கு அது சான்று. 1968ஐயும் 1969ஐயும் பிரித்துக் காட்ட அது போதாது.

நகல்தானா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. இந்தப் பணியில் நான் கற்றவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தமானது இதுதான். சுற்றி வைக்கப்பட்ட நாடாவில் ஒரு சுற்றின் காந்தப்பதிவு, மேலும் கீழும் உள்ள சுற்றுகளில் மிக மெலிதாகப் படிந்துவிடும். அதனால்தான் பழைய நாடாக்களில் பேச்சாளர் வாயைத் திறப்பதற்குச் சற்று முன்பே அவருடைய முதல் சொல் மெல்லிய எதிரொலியாகக் கேட்கிறது. புதிதாக வரும் தன்னார்வலர்கள் இதைப் பின்னணியில் வேறொருவர் பேசுவதாக எழுதிவிடுவதுண்டு. நிழலாகக் கேட்ட அதே சொல் சற்று நேரத்தில் முழு ஒலியோடு வருகிறதா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

இந்த நிழலுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள நேரம், நாடா ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு ஆகும் நேரமே. சுருளின் வெளிச்சுற்று நீளமானது, உள்சுற்று குட்டையானது. 7 அங்குல முழுச் சுருளின் வெளிப்புறத்தில், நாங்கள் சொன்ன வேகத்தில், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் வினாடியும், நடுக்குடத்தை ஒட்டி ஒரு வினாடியும் ஆகும். எங்கள் சுருளில் பாதி நாடாவே இருந்ததால், அதன் வெளிப்புறச் சுற்றுக்கே இரண்டு வினாடிதான் ஆக வேண்டும், உரை முடியும் இடத்தில் அது ஒரு வினாடியை நெருங்கியிருக்க வேண்டும். உரையில் கேட்கும் நிழல்கள் இந்த அளவோடு ஒத்துப்போனால், அவை இந்தச் சுருளிலேயே உண்டானவை என்று கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால், அவை வேறொரு சுருளில் உண்டாகி, நகல் எடுக்கும்போது ஒலியோடு ஒலியாக இங்கே வந்து சேர்ந்தவை.

எம்பி3 பிரதியில் இதை அளக்க முடியாது. காதுக்கு எட்டாது என்று கருதப்படும் மெல்லிய ஒலிகளைத்தான் அந்த வடிவம் முதலில் துறக்கிறது. ஒலிப்பொறியாளரிடம் அழுத்தப்படாத மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, மருத்துவர் பேசத் தொடங்குவதற்கு முந்தைய அமைதியை மட்டும் ஒலி கூட்டிக் கேட்டேன். முதல் சொல்லுக்கு இரண்டே முக்கால் வினாடி முன்னதாக ஒரு நிழல் இருந்தது. அதற்குப் பின்னால், இரண்டு வினாடி முன்னதாக, இன்னொன்றும் கேட்டது. ஹெட்போனைக் கழற்றி ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இரண்டு முறை சொல்கிறாரே" என்றார்.

இரண்டு வினாடி இடைவெளியுள்ள நிழல் இந்தச் சுருளுக்கு உரியது. மற்றது, நாடா நிறைந்த ஒரு சுருளிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தை நம்பக் கூடாது என்பதால், உரையின் கடைசியில் அறிவிப்பாளர் பேசுவதற்கு முன்னிருந்த இடைவெளியையும் அளந்தேன். அங்கே ஒரு நிழல் ஒரு வினாடிக்குச் சற்று மேலாக இருந்தது, மற்றொன்று இரண்டு வினாடியை ஒட்டி இருந்தது. 32 நிமிடம் கொள்ளும் முழுச் சுருளில் 14 நிமிடம் கடந்த இடத்துச் சுற்றுக்கு அவ்வளவுதான் ஆகும். செய்தித் துண்டில் இரண்டாவது நிழல் கிடைக்கவில்லை, ஆனால் அதில் அளக்கத்தக்க இடைவெளியே ஓரிடத்தில்தான் இருந்தது என்பதால் அதற்கு நான் மதிப்புத் தரவில்லை. உரையைப் பொறுத்தவரை ஐயமில்லை. அது நகல்.

நகல் என்பதால் மூலம் 1968ஐச் சேர்ந்தது என்றாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மூலம் 1969 ஆகஸ்டில் பதிவாகி, 1970இல் நகலாகியிருந்தாலும் இதே நிழல்கள் கேட்கும். நிழல்கள் செய்ததெல்லாம், பெட்டியின் ஆண்டை மறுப்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே காரணத்தை நீக்கியதுதான். ஆவணக்காப்பாளரிடம் இதைச் சொன்னபோது, அவர் தேதி என்ற ஒரே கட்டத்தை மூன்றாகப் பிரித்து எழுதச் சொன்னார். பதிவான தேதி ஒன்று, ஒலிபரப்பான தேதி ஒன்று, இந்த நாடாவில் ஏறிய தேதி ஒன்று. ஐயமுள்ள ஆண்டுக்குப் பின் கேள்விக்குறியும், முடிவு தெரியாத காலத்துக்கு இரண்டு புள்ளிகளும் இடுவது காப்பகங்களில் வழங்கும் முறை.

```
பதிவு: 1968?
ஒலிபரப்பு:
நகல்: 1969-07-23/..
```

ஒலிபரப்புக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. நகலை ஒட்டியோ பெட்டியை ஒட்டியோ அதில் எதையாவது நிரப்பினால், நிலையத்தின் நிகழ்ச்சிப் பதிவேடு என்றாவது கிடைக்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்பவரை அது தவறான மாதத்துக்கு அனுப்பிவிடும்.

குறிப்பின் முதல் வரைவில் ஆசிரியர், "பெரியம்மையின் கொடுமையையும் தடுப்பூசியின் அவசியத்தையும் மருத்துவர் எளிய நடையில் விளக்கும் பயனுள்ள உரை" என்று எழுதியிருந்தார். இதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பெரியம்மை உரைகள் எதற்கும் இந்த வாக்கியம் பொருந்தும், இதைப் படித்துவிட்டு எந்த ஆய்வாளரும் இந்த நாடாவைத் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. இருவரும் சேர்ந்து இறுதியாக எழுதியது இது:

"பெரியம்மைத் தடுப்பூசி குறித்து ஒரு மருத்துவர் ஆற்றும் உரை, அறிவிப்பில் பெயர் தெளிவாக இல்லை. 00:40 நோய் தொற்றும் விதம். 02:50 இருமுனை ஊசியால் 15 முறை குத்தும் முறை, படிப்படியான விளக்கம். 06:15 ஒரு வாரம் கழித்துக் கொப்புளத்தைச் சோதித்தலும் மறுபடி குத்திக்கொள்ளுதலும். 09:30 தடுப்பூசிக்கு அஞ்சிய ஒரு குடும்பத்தின் அனுபவம். 13:50 நிறைவு அறிவிப்பு. ஆண்டு பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. நாடா பழைய பதிவின் மேல் எடுக்கப்பட்ட நகல்."

குடும்பத்தின் பெயர்களைக் குறிப்பில் சேர்க்கவில்லை. அந்தக் குழந்தை இன்று நடுத்தர வயதைக் கடந்து எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கலாம், வானொலியில் ஒருமுறை காற்றோடு போன பெயர், தேடுபொறியில் அகப்படும் எழுத்தாக மாறுவதை அவர் விரும்புவார் என்று நாமாகக் கொள்வதற்கில்லை. ஒலிக்கோப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதா என்பது எங்கள் முடிவு அன்று. ஆகவே 09:30 முதல் 11:40 வரை தனிநபர் விவரங்கள் இருப்பதாக ஆவணக்காப்பாளருக்கு மட்டும் தெரியும் கட்டத்தில் குறித்தோம்.

நிலவுச் செய்தியைப் பற்றி எங்களுக்குள் சிறிய விவாதம் நடந்தது. உரையின் குறிப்பில் கடைசி வரியாக அதைச் சேர்த்தால் போதும் என்றார் ஆசிரியர். பெரியம்மையைத் தேடுகிறவர்தான் அந்த வரியைப் படிப்பார் என்றும், நிலவுப் பயணத்தை அக்கால வானொலி எப்படிச் சொன்னது என்று தேடுகிறவர் அதைக் காணவே மாட்டார் என்றும் நான் சொன்னேன். 38 வினாடித் துண்டுக்குத் தனிப் பதிவெண் கேட்பது மிகையாகப் பட்டாலும், ஆவணக்காப்பாளர் தயங்காமல் கொடுத்துவிட்டார். அதன் தேதிக் கட்டத்தில் கேள்விக்குறி இல்லை.